பூனை எழுதிய கட்டுரை

1975இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் ஹீலியம்-3 பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் வாக்கியமெல்லாம் ‘நாங்கள்’. ஒரே ஆசிரியர் என்றால் இதழ் அதை ஏற்காது என்றார் நண்பர். தட்டச்சுக் காலம்; முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அவர் தன் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்டு என்ற பெயரில் இணையாசிரியராக்கினார். கட்டுரை வெளியானது!

அந்த ‘நாங்க’ளை ‘நான்’ ஆக்கியிருந்தாலும் இயற்பியல் துளியும் மாறியிருக்காது. அளவீட்டைத் திரும்பச் செய்து பார்க்க, செய்தவர் யாரென்று தெரியத் தேவையில்லை.

மானுடவியலில் கதை வேறு. பிலிப்பைன்ஸின் இலோங்கோட் மக்களிடையே ஆய்வு செய்தவர் ரெனாட்டோ ரொசால்டோ. உறவினரைப் பறிகொடுத்த துக்கத்தில் எழும் கோபமே தலைகொய்யத் தூண்டியது என்று முதியவர்கள் சொன்னபோது, அது போதிய விளக்கமாக அவருக்குப் படவில்லை. 1981இல், களப்பணியின்போது அவர் மனைவி மிஷெல் தவறி விழுந்து இறந்தார். தனக்குள் பொங்கிய கோபத்தைக் கண்ட பிறகே அந்தச் சொல் விளங்கியது. இங்கே ‘நானை’ எடுத்துவிட்டால் சான்றே போய்விடும்.

நான் மாணவர் கட்டுரைகளைப் பார்ப்பதும் இப்படித்தான். ‘நான்’ இருக்கும் வாக்கியத்தில் அதை நீக்கிப் படிப்பேன். “நான் கருதுகிறேன்” பெரும்பாலும் சுமை. “நான் அந்த ஊர்க்காரன், அதனால் பேசினார்கள்” என்பது தகவல். “என்று கருதப்படுகிறது” என்றால் ஓரத்தில் எழுதுவேன்: யாரால்?