ஒரு லிட்டருக்கு அரை ஸ்பூன்

சித்திரை வெயிலில் ஊருக்குப் போயிருந்தபோது என் அக்கா மகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. நள்ளிரவுக்குள் நான்கு முறை போய்விட்டாள். மருந்துக்கடை பூட்டிக்கிடந்தது, வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றும் இல்லை. அம்மா ஒரு டம்ளர் தண்ணீரில் விரலால் கிள்ளி உப்பு போட்டார், இரண்டு ஸ்பூன் சீனி போட்டு ஆற்றினார். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே கரித்தது.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். விளக்கு எரிவதைப் பார்த்து அவரே வந்துவிட்டார். டம்ளரை வாங்கி ருசி பார்த்தவர் கேட்டார்: "எவ்வளவு உப்பும்மா போட்டீங்க?"

"ஒரு சிட்டிகைதான் தாயி."

"டம்ளர்ல கலக்காதீங்கம்மா. ஒரு லிட்டராக் கலக்கிவச்சுட்டு அதுல இருந்து டம்ளர்ல ஊத்திக் குடுங்க."

அந்த ஒரு திருத்தத்தில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டில் செய்யும் உப்பு சர்க்கரைத் தண்ணீருக்கான அளவு இதுதான்: காய்ச்சி ஆறிய சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனில் அரை ஸ்பூன் தூள் உப்பு, அதே ஸ்பூனில் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூன் என்பது 5 மில்லி கொள்ளும் டீஸ்பூன். எடையில் பார்த்தால் உப்பு ஏறத்தாழ 3 கிராம், சர்க்கரை ஏறத்தாழ 25 கிராம்.

உப்பும் சர்க்கரையும் ஏன் சேர்ந்தே போகவேண்டும்? நம் சிறுகுடலின் சுவரில் இருக்கும் ஒரு வாசல் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே விடும். இரண்டும் உள்ளே போனால் அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா போன்ற கடும் பேதியில் குடலிலிருந்து நீர் கொட்டினாலும் இந்த வாசல் மட்டும் கெடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். வெறும் தண்ணீர் அப்படியே வெளியேறிவிடுகிறது, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர் உடம்பில் தங்குகிறது என்றால் காரணம் இதுதான். நாம் போடும் சீனி குடலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது. குளுக்கோஸ் பாதி சோடியத்தோடு கைகோத்து உள்ளே போகிறது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதும் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதே தத்துவத்தை நம்பினார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் வீட்டாரே அதைக் குடிக்கக் கொடுத்தார்கள். சாவு விகிதம் 30 சதவீதத்தை ஒட்டிய நிலையிலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே தராசு வைத்து நிறுத்துக் கலக்கினார்கள். நள்ளிரவில் நம் அடுப்படியில் இருப்பது ஒரு ஸ்பூனும் விரல்களும்தான்.

டம்ளர் எங்கே பிழையாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லி டம்ளருக்கு ஒரு லிட்டரின் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதாவது சர்க்கரை ஒரு ஸ்பூனும் அதற்குமேல் கொஞ்சமும், உப்பு ஒரு ஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு. அது வெறும் 0.6 கிராம். கிராம் கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசு இதை அளக்கவே அளக்காது. விரலால் கிள்ளினால் ஒருவர் சிட்டிகையைப் போல இன்னொருவர் சிட்டிகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருக்கும். ஈரக்கை என்றால் இன்னும் கூடும். இரண்டாவது சிட்டிகை போட்டோமா இல்லையா என்று தூக்கக்கலக்கத்தில் மறந்துபோனால் அளவு அங்கேயே இரட்டிப்பாகிவிடும். ஒரு லிட்டருக்கு அரை ஸ்பூன் அளக்கும்போது கொஞ்சம் முன்பின் ஆனாலும் அந்தப் பிழை முழு லிட்டரிலும் பரவிச் சிறுத்துவிடும். தூளைப் பங்கு பிரிப்பது கடினம், கரைந்த தண்ணீரைப் பங்கு பிரிப்பது எளிது. குழந்தை கால் லிட்டர்தான் குடிக்கும் என்றாலும் முழு லிட்டரே கலக்குங்கள். மீதி வீணாவது ஒன்றிரண்டு ரூபாய்ச் சர்க்கரைதான். பெரிய குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்குப் பேதி என்றால் இரண்டு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உப்பு, பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று பெருக்கலாம். அளவைக் கூட்டும்போது பிழை பெருகுவதில்லை, குறைக்கும்போதுதான் பெருகுகிறது.

உப்பு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஊறுகாய் ஜாடியே சாட்சி. மாங்காயை நறுக்கி உப்பு போட்டு மூடிவைத்தால் மறுநாள் அது நீர் விட்டிருக்கும். மாங்காயின் உள்ளிருந்த நீரை வெளியில் இருக்கும் உப்பு இழுத்துக்கொண்டது. குடலிலும் அப்படியே. டீஸ்பூன் என்று நினைத்து 15 மில்லி கொள்ளும் பெரிய ஸ்பூனால் அதே எண்ணிக்கையில் ஒருவர் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, 75 கிராம் சர்க்கரை. இந்தக் கரைசல் இரத்தத்தைவிட இரு மடங்குக்கு மேல் அடர்த்தி. உடம்புக்கு நீர் கொடுப்பதற்குப் பதிலாக உடம்பிலிருந்து நீரை இழுத்துக் குடலில் கொட்டும், பேதி இன்னும் கூடும். உள்ளே போன உப்போ இரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும். குழந்தை அடங்காத தாகத்தோடு சிணுங்கி, எரிச்சலாகி, பிறகு சோர்ந்து துவண்டு, வலிப்பு வரைக்கும் போகலாம். சர்க்கரை மட்டும் கூடினாலும் பேதி பெருகும், ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் உப்புதான். சந்தேகம் வந்தால் தண்ணீர் கூடுதலாக இருக்கும் பக்கமே சாயுங்கள்.

ஸ்பூன் விஷயத்தில் அந்தச் செவிலியர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. இருமல் சிரப் பாட்டிலின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், அதில் 2.5, 5, 10 மில்லி என்று கோடு போட்டிருப்பார்கள். அதைக் கழுவித் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். 2.5 கோடு வரை தூள் உப்பு என்றால் அதுதான் அரை டீஸ்பூன். 5 கோடு வரை ஆறு முறை சர்க்கரை. கத்தியின் பின்பக்கத்தால் தலைதட்டும் வேலையும் இல்லை. கல் உப்பு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் முதலில் அம்மியிலோ மிக்ஸியிலோ பொடித்துக்கொள்ளுங்கள். கற்களுக்கு இடையே காற்று புகுந்திருப்பதால் கல் உப்பை அப்படியே அளந்தால் எடை மாறும்.

தண்ணீருக்கும் அளவு வேண்டும். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றைக் கழுவி, வெட்டிய முனைவரை இரண்டு முறை தண்ணீர் பிடித்துப் பாத்திரத்தில் ஊற்றினால் லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். முதலில் தண்ணீரில் உப்பை மட்டும் கரைத்து ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கீழே ஊற்றிவிடுங்கள். இது மேல் எல்லைதான். கண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு இருக்கிறது, நமக்கு வேண்டியதோ 3 கிராம். ஆகவே சரியான கரைசல் கண்ணீரைவிடத் தெளிவாகவே உப்புக் குறைந்திருக்கும். சர்க்கரையைப் போட்டுவிட்டுப் பார்த்தால் இனிப்பு கரிப்பை மறைத்துவிடும். கலக்கிய பிறகு கொதிக்க வைக்கவே கூடாது. நீர் ஆவியாகி உப்பு அடர்த்தியாகிவிடும். பாதி குடித்த பாட்டிலில் தண்ணீரை மட்டுமோ உப்பு சர்க்கரையை உத்தேசமாகவோ சேர்த்து நிரப்புவதும் தவறு, அளவு கையைவிட்டுப் போய்விடும். தவறுதலாக ஒரு லிட்டரில் ஒரு முழு ஸ்பூன் உப்பு விழுந்தது உறுதியாகத் தெரிந்தால் இன்னொரு லிட்டர் தண்ணீரும் இன்னும் ஆறு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து இரண்டு லிட்டராக்கிக்கொள்ளலாம். எவ்வளவு விழுந்தது என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள்.

வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980-களில் இதையே வீடுவீடாகச் சென்று கற்றுக்கொடுத்தது. தராசும் ஸ்பூனும் இல்லாத வீடுகள் அவை. மூன்று விரல் நுனியால் கிள்ளிய உப்பு, நான்கு விரலால் அள்ளிய வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அவர்கள் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் பாத்திரத்திலேயே அரை சேர் தண்ணீர் எதுவரை வரும் என்று அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை. சில வீடுகளுக்குத் திரும்பப் போய், அந்தத் தாய் கலக்கிய தண்ணீரை எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் உப்பு அளந்து பார்த்தார்கள். கற்பித்த பெண்ணின் ஊதியம் அந்தத் தாய்மார்கள் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. விரல் அளவை நம்பத்தான் செய்தார்கள், ஆனால் சரிபார்க்காமல் நம்பவில்லை.

பாக்கெட்டிலும் இதே அளவுப் பிழை நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 20.5 கிராம் தூள் இருக்கும். 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் கடையில் கிடைக்கும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு அடர்த்தி. உறையில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவைப் படிக்காமல் பிரிக்காதீர்கள். பெரிய பாக்கெட்டில் பாதியைக் கொட்டி அரை லிட்டர் செய்வதும் வேண்டாம், உள்ளே உப்புகள் சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பாக்கெட் கிடைத்தால் வீட்டுக் கரைசலை நிறுத்திவிட்டு அதற்கு மாறிவிட வேண்டும். பேதியில் போகும் பொட்டாசியம் நம் கரைசலில் இல்லை. இளநீரும் வாழைப்பழமும் கூடக் கொடுப்பது அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு வீட்டுக் கரைசலே வேண்டாம், தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ எந்த வயதினருக்கும் மருத்துவமனைதான். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ள பெரியவர்களுக்கு முதலிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் அன்று இரவு ஒரு மணிக்கு முழு லிட்டர் கலக்கினோம். குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர், அதாவது 100 மில்லி. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 வரை கொடுக்கலாம், இரண்டுக்குக் கீழ் 50 முதல் 100. முதல் டம்ளரை வாந்தி எடுத்துவிட்டாள். செவிலியர் பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார், பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் அம்மா ஊட்டினார். அது தங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் சிறுநீர் கழித்தாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட்டும் பதினான்கு நாளுக்கான துத்தநாக மாத்திரைகளும் கொடுத்தார்கள்.

பாட்டிலில் மிஞ்சியதை அம்மா அன்று சாயங்காலமே கொட்டிவிட்டார். கலக்கிய தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது என்று செவிலியர் சொல்லியிருந்தார். அப்புறம் பழைய ஆணி ஒன்றை எடுத்துவந்து, ஒரு லிட்டர் தண்ணீர் வரும் இடத்தில் பித்தளைச் சொம்பின் உள்பக்கம் ஒரு கோடு கீறிவைத்தார்.