நூறு ஆர்டரில் அறுபது எப்படியும் வந்திருக்கும்

தீபாவளிக்கு `DEEPAM20` என்று ஒரு கூப்பன் விட்டோம், நூறு பேர் பயன்படுத்தினார்கள் என்று ஒரு இணையப் பலகாரக் கடைக்காரர் பூரித்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேரில் எத்தனை பேர் கூப்பன் இல்லாவிட்டாலும் முறுக்கு வாங்கியிருப்பார்கள்? கூப்பனின் தலையெழுத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்கு விடை காண ஒரே நேர்வழி, சிலருக்குக் கூப்பன் கொடுக்காமல் இருப்பது. பழைய வாடிக்கையாளர் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதிக்கு 20 சதவீதத் தள்ளுபடி, மறுபாதிக்கு வெறும் வாழ்த்து. கூப்பன் வாங்கிய ஆயிரம் பேரிடமிருந்து 120 ஆர்டர், அதில் கோடு போட்டவை 100. வாழ்த்து மட்டும் வாங்கிய ஆயிரம் பேரிடமிருந்து 80 ஆர்டர். ஆகக் கூப்பனால் கூடுதலாக வந்தது 40தான்.

ஒரு ஆர்டர் 1,000 ரூபாய், அடக்கம் 650, லாபம் 350 என்போம். கூடுதல் 40 ஆர்டரில் லாபம் 14,000 ரூபாய். தள்ளுபடியோ நூறு ஆர்டருக்கும் 200 வீதம் 20,000. கைநஷ்டம் 6,000. கோடு போட்டவர்களில் அறுபது பேர் எப்படியும் முழு விலை கொடுத்திருப்பார்கள்; அவர்களுக்கு நாமே 12,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். அந்த நாற்பதையும் அடுத்த மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கூப்பன் குழுவின் ஆர்டர் அப்போது சரிந்தால், கார்த்திகைக்கு வாங்க இருந்ததை ஐப்பசியிலேயே வாங்கிவிட்டார்கள் என்று பொருள். வித்தியாசம் 80க்கும் 86க்கும் என்ற அளவில் இருந்தால் அதை நம்பவே கூடாது. தற்செயலாகவே அவ்வளவு ஏறி இறங்கும்.

கணக்குப் புத்தகத்தில் தள்ளுபடி 20,000 அல்ல, 23,300 என்று இருக்கிறது. மிச்சம் 3,300 எங்கே போனது? ஆர்டர் ஒவ்வொன்றிலும் தள்ளுபடி மொத்த விலையில் எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி சேர்த்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் தெரிந்துவிடும். 20ஐத் தாண்டவே கூடாத இடத்தில் பதினோரு ஆர்டர்கள் 50இல் நிற்கின்றன. புதியவர்களுக்கான `PUDHU300` கோடையும் மேலே அடுக்கியிருக்கிறார்கள். 650 ரூபாய்ச் சரக்கு 500க்குப் போயிருக்கிறது.

பழைய வாடிக்கையாளர் எப்படிப் புதியவரானார்? ஜிமெயில் முகவரியில் நடுவே ஒரு புள்ளியோ, பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியோ சேர்த்தாலும் அஞ்சல் அதே பெட்டிக்குத்தான் வரும். கடை மென்பொருளுக்கு அது வேறு ஆள். ஆகவே மின்னஞ்சலை விட்டுவிட்டு அலைபேசி எண்ணையும் கதவு எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒரே முகவரி என்பதற்காக உடனே திருடர் பட்டம் கட்டிவிடக் கூடாது, மகளிர் விடுதியில் நாற்பது பேருக்கும் ஒரே கதவு எண்தான். இரண்டு கோடும் சேராதபடி மென்பொருளில் பூட்டுப் போடாதது கடைக்காரர் பிழை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் சேர்த்து நஷ்டம் 9,300 ரூபாய். அடுத்த முறை இதே கூப்பனை ஆறு மாதமாக வாங்காதவர்களுக்கு மட்டும், அதிலும் பாதிப் பேருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள்.