இரட்டையராய்ப் பிறந்த உலோகங்கள்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு சிர்கானும் கிடைக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கும் சிர்கோனியத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் ஹாஃப்னியம் ஒளிந்திருக்கும். சிர்கோனியத்தின் ஆக்சைடை மார்ட்டின் கிளாப்ரோத் 1789இல் கண்டறிந்தார். கூடவே இருந்த ஹாஃப்னியத்தைக் கண்டுபிடிக்க 1923 வரை ஆனது. கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் அதை எக்ஸ் கதிர் நிறமாலையில்தான் பிடித்தார்கள். எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுக்கருவின் மின்சுமையைப் பொறுத்தது. அங்கே வேடம் செல்லாது.

வேதிவினைகளில் ஏன் பிடிபடவில்லை? தனிம அட்டவணையில் கீழே போகப் போக அணு பெருக்க வேண்டும். டைட்டானியத்தின் ஆரம் 147 பிக்கோமீட்டர், சிர்கோனியம் 160. அடுத்த ஹாஃப்னியமோ 159! இரண்டுக்கும் நடுவே லாந்தனைடு வரிசை புகுந்துகொள்கிறது. அதில் 14 எலெக்ட்ரான்கள் 4f கூட்டில் சேர்கின்றன. இவை கருவின் இழுப்பை வெளி எலெக்ட்ரான்களிடமிருந்து சரியாக மறைப்பதில்லை. கருவில் புரோட்டான் கூடக் கூட அணு இறுகுகிறது. இதுதான் லாந்தனைடு குறுக்கம். ஓர் ஓடு கூடுதலாக வந்தும் அளவு கூடவில்லை. ஆனால் எடை கூடியது. ஹாஃப்னியத்தின் அடர்த்தி சிர்கோனியத்தைப் போல இருமடங்கு.

அணு உலைக்கு இந்த ஒற்றுமை பெரும் தலைவலி. எரிபொருள் குழாய்க்குச் சிர்கோனியம் வேண்டும், அது நியூட்ரானை ஏறக்குறைய விழுங்குவதில்லை. ஹாஃப்னியம் அதைவிடச் சுமார் 600 மடங்கு விழுங்கும். ஆகவே கரைசலில் கரைத்து, கரைப்பான் வழியே படிப்படியாகப் பிரிக்கிறார்கள்.

வரிசையில் இன்னும் வலப்பக்கம் போனால் ஈயம் வரும். வெள்ளீயத்தின் டைஆக்சைடு பூமியில் தாதுவாகவே சாதுவாகக் கிடக்கிறது. அதே வடிவில் ஈயத்தின் டைஆக்சைடோ, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து குளோரினை விரட்டும். ஈயம் +4 நிலையில் இருக்க விரும்பாது, +2க்கு இறங்கத் துடிக்கும். அதன் 6s எலெக்ட்ரான் ஜோடி பிணைப்புக்கு வர மறுப்பதால் இதை மந்த இணை விளைவு என்கிறார்கள்.

அந்தப் பெயர் விளக்கமாகாது என்பது என் கருத்து. 4f கூட்டின் மோசமான மறைப்பு 6s எலெக்ட்ரான்களைக் கருவருகே இறுக்குகிறது. 82 புரோட்டான்களுக்கு அருகே எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுவதால், ஐன்ஸ்டைனின் சார்பியலும் சேர்ந்து அவற்றை இன்னும் சுருக்குகிறது. எடுக்கச் செலவு அதிகம்; பெரிய ஈய அணு அமைக்கும் பிணைப்போ பலவீனம், ஈடுகட்டாது. விதிவிலக்கும் உண்டு: பெட்ரோலில் ஒருகாலத்தில் கலந்த டெட்ரா எத்தில் ஈயத்தில் ஈயம் நான்கு பிணைப்போடுதான் நின்றது.

அந்த இறங்கும் துடிப்புதான் கார் பேட்டரி. 2011இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, ஒரு செல் தரும் 2.1 வோல்ட்டில் சுமார் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் வருகிறது.