பத்து அங்குல பீம் போதுமா?

ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, அங்கே ஒரு இரும்பு பீம் கொடுக்க வேண்டும். இடைவெளி 5 மீட்டர். இரும்புக் கடையில் கேட்டால் "பத்து அங்குலம் போட்டுக்குங்க சார், தாராளமாத் தாங்கும்" என்பார்கள். தாங்குமா என்று பார்க்க ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஓர் அட்டவணை போதும்.

முதலில் பாரம். சுவருக்கு இருபுறமும் 3 மீட்டர் அகல அறைகள் என்றால், ஒவ்வொன்றிலும் பாதியின் எடை பீமுக்கு வரும். ஆக 3 மீட்டர் அகலத் தளத்தை அது சுமக்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ. தரையும் பூச்சும் 140. ஆட்கள், கட்டில், பீரோவுக்காக வீடுகளுக்கு விதிக்கப்பட்டது 200. மொத்தம் 650 கிலோ. அதை 3 மீட்டரால் பெருக்கி, பீமின் சொந்த எடைக்கு ஒரு 50 கிலோ சேர்த்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2,000 கிலோ. இரண்டு அறைக்கும் ஒரே தளமாக வார்த்திருந்தால் நடுத்தாங்கலுக்கு இதைவிடக் கூடுதல் பங்கு வரலாம்; அதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாரம் பீமை நடுவில்தான் அதிகமாக வளைக்கும். அந்த வளைவு விசைக்குக் கணக்கு wL²/8: மீட்டருக்கான பாரத்தை, இடைவெளியை இருமுறை வைத்துப் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். 2,000 × 5 × 5 ÷ 8 = 6,250 கிலோ-மீட்டர், அதாவது 6,25,000 கிலோ-சென்டிமீட்டர். இடைவெளி இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். அறையை இரட்டிப்பு நீளமாக்கினால் வளைவு நான்கு மடங்காகிவிடும்.

சாதாரணக் கட்டுமான எஃகுக்கு வளைவில் அனுமதிக்கப்படும் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு 1,650 கிலோ. 6,25,000-ஐ அதனால் வகுத்தால் 379 கன சென்டிமீட்டர். இதுதான் நமக்கு வேண்டிய செக்ஷன் மாடுலஸ், அட்டவணையில் Z. பீமின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதை ஒரே எண்ணில் சொல்வது இது. இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, மேலும் கீழுமாக இருக்கிறதோ அவ்வளவு Z கூடும்.

இனி அட்டவணை. ISMB 225-க்கு Z 305.9, போதாது. ISMB 250-க்கு 410.5, போதும். கடைக்காரர் சொன்ன பத்து அங்குலம் இதுதான். பலர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது.

உடையாமல் இருப்பது வேறு, தொய்யாமல் இருப்பது வேறு. தொய்வைக் கணக்கிட Z உதவாது, பக்கத்துப் பத்தியில் இருக்கும் I வேண்டும். 250-க்கு I 5,131.6. அதைப் போட்டுப் பார்த்தால் நடுவில் சுமார் 15.9 மில்லிமீட்டர் இறங்குகிறது. இடைவெளியில் 325-இல் ஒரு பங்கு என்ற வழக்கமான வரம்பு 15.4 மில்லிமீட்டர். வலிமையில் தேறிய பீம், தொய்வில் மயிரிழையில் தோற்கிறது. தொய்ந்த பீமின் அடிப்பூச்சு விரியும், கீழே தடுப்புச்சுவர் வைத்திருந்தால் அதில் கீறல் விழும். அடுத்த அளவான ISMB 300-இல் தொய்வு 9.5 மில்லிமீட்டர்தான். எடை ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாகக் கூடுகிறது. Z நாற்பது சதவீதம் கூடுகிறது. இந்த வீட்டுக்கு நான் 300-ஐத்தான் எடுப்பேன்.

வாங்கும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. ISLB 250 என்ற லேசான ரகமும் உண்டு. உயரம் அதே 250, பட்டையின் அகலமும் அதே 125 மில்லிமீட்டர். டேப்பைப் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் Z வெறும் 297! பட்டையின் கனத்தில்தான் வித்தியாசம்: ஒன்றில் 12.5 மில்லிமீட்டர், மற்றதில் 8.2. எடை மேடையில் ஏற்றினால் தெரிந்துவிடும், மீட்டருக்கு 37 கிலோ நிற்க வேண்டிய இடத்தில் 28 நிற்கும். 300-லும் இப்படியொரு லேசான ரகம் இருக்கிறது. எதை வாங்கினாலும் எடை போட்டுப் பாருங்கள்.

Zp என்ற இன்னொரு பத்தியும் சில அட்டவணைகளில் இருக்கும். அது பாரத்தை ஒன்றரை மடங்காக்கிச் செய்யும் புதிய முறைக்கு உரியது. 250-க்கு அது 465.7. பாரத்தைப் பெருக்காமல் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், இல்லாத வலிமையை இருப்பதாக எண்ணிவிடுவோம்.

எல்லாவற்றுக்கும் முன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். எடுக்கப்போகும் சுவருக்கு நேர் மேலே இன்னொரு ஒன்பது அங்குலச் சுவர் நின்றால், அது மட்டுமே மீட்டருக்கு 1,300 கிலோவுக்கு மேல். தேவையான Z 630 அளவுக்கு ஏறிவிடும். ISMB 300-இன் Z 573.6. அதுவும் போதாது, 350-க்குப் போக வேண்டும்.