கோட்டுத் தாள் எப்போது நிற்க வேண்டும்?

கல்லூரி நூலகத்தின் வழங்கு மேசையில் தினமும் ஒரு கணக்குத் தாள் நிரப்பப்படுவது வழக்கம். வழங்கல், திரும்பப் பெறுதல், புதுப்பித்தல், வாசிப்பறைப் பயன்பாடு, வாசகர் கேள்விகள் என்று அதில் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. நான்கு கோடுகள் சேர்ந்ததும் ஐந்தாவது குறுக்கே. மாலையில் கோடுகளை எண்ணிப் பேரேட்டில் ஏற்றுவார்கள். நூலகம் கணினிமயமான பிறகும் பல இடங்களில் இந்தத் தாள் தொடர்கிறது. பிறகு ஒருநாள், அறிக்கை தானாக வரத் தொடங்கியதும் தாள் நிறுத்தப்படும் என்று ஊழியர்களுக்கு நூலகரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. எந்தக் கட்டம் எந்த நிபந்தனையில் நிற்கும் என்பதை அந்த மின்னஞ்சல் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்கு, கணினி எதை எப்படி எண்ணுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது கோஹா என்ற இலவச நூலக மென்பொருள். 1999இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலக அமைப்புக்காக எழுதப்பட்டது. புத்தகத்தின் பார்கோடை மேசையில் ஸ்கேன் செய்யும்போதெல்லாம் அதன் தரவுத்தளத்தில் `statistics` என்ற அட்டவணையில் ஒரு வரி சேர்கிறது. அதில் நேரமும் நடவடிக்கையின் வகையும் பதிவாகின்றன. வழங்கினால் `issue`, திரும்பப் பெற்றால் `return`, புதுப்பித்தால் `renew`, நூலகத்துக்குள்ளேயே படித்து வைத்த புத்தகமென்றால் `localuse`. தாளில் விழும் கோட்டுக்கு இணையானது இந்த வரிதான். முந்தைய நாளின் வரிகளை வகைவாரியாக எண்ணச் சொல்லும் கட்டளை மிகச் சிறியது:

```sql
SELECT type, COUNT(*)
FROM statistics
WHERE DATE(datetime) = CURDATE() - INTERVAL 1 DAY
GROUP BY type
```

இதை கோஹாவின் அறிக்கைப் பகுதியில் சேமித்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். தினமும் அதிகாலையில் `runreport.pl` என்ற நிரல் அந்த எண்ணுள்ள அறிக்கையை இயக்கி மின்னஞ்சலில் அனுப்புமாறு சர்வரில் அமைத்துவிடலாம்.

அறிக்கை வந்த முதல் நாளே அதன் எண்கள் தாளோடு பொருந்துவது அரிது. ஓர் எடுத்துக்காட்டு நாளைப் பார்க்கலாம். தாளில் வழங்கல் 160, திரும்பப் பெற்றது 131, வாசிப்பறைப் பயன்பாடு 60. புதுப்பித்தல் கட்டம் காலி. அறிக்கையில் `issue` 142, `return` 131, `renew` 31, `localuse` 67. திரும்பப் பெற்றதைத் தவிர எதுவும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கணினி எண்ணுவதில் பிழை இல்லை.

மேசைக்கு வந்து 18 பேர் புதுப்பித்திருக்கிறார்கள். ஊழியர் அவற்றையும் வழங்கல் கட்டத்திலேயே கோடு போட்டிருக்கிறார். 142உடன் 18 சேர்ந்தால் தாளின் 160 வந்துவிடுகிறது. மீதி 13 புதுப்பித்தல்கள் மாணவர்கள் இரவில் வீட்டிலிருந்து இணையம் வழியாகச் செய்தவை. தாள் அவற்றை ஒருபோதும் பார்த்ததில்லை. இனி புதுப்பித்தல் தனியாக எண்ணப்படும் என்று அறிவிக்காவிட்டால், வழங்கல் திடீரெனக் குறைந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் தோன்றும்.

வாசிப்பறைக் கணக்கில் கூடுதலாக வந்த 7 வேறு வகை. `RecordLocalUseOnReturn` என்ற அமைப்பை இயக்கிவிட்டால், யாருக்கும் வழங்கப்படாத ஒரு புத்தகத்தைத் திரும்பப் பெறும் திரையில் ஸ்கேன் செய்யும்போது கோஹா அதை உள்ளேயே பயன்பட்ட புத்தகமாகக் குறித்துக்கொள்ளும். மேசைகளில் கிடக்கும் புத்தகங்களை எண்ண இது வசதியான வழி. ஆனால் மாணவர் திருப்பித் தந்த புத்தகத்தை, பதிவானதோ இல்லையோ என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை ஸ்கேன் செய்தால் அதுவும் இந்தக் கணக்கில் விழுந்துவிடும். திரையில் புத்தகத்தின் பெயர் வந்ததைப் பார்த்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்யாமல் இருப்பதே இதற்குத் தீர்வு.

மின்வெட்டு நாளில் இன்னொரு வேறுபாடு வரும். கணினி இயங்காத நேரத்தில் ஊழியர் உறுப்பினர் எண்ணையும் புத்தக எண்ணையும் காகிதத்தில் குறித்துவைத்து, மறுநாள் காலையில் மேசைத் திரையில் ஏற்றுவார். தாளில் அவை முந்தைய நாள் கணக்கு; அறிக்கையில் ஏற்றிய நாளின் கணக்கு. மாத மொத்தம் பெரும்பாலும் மாறாது. மாதக் கடைசி நாளில் நடந்தால் மட்டும் அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள் மட்டும் எந்த வழியிலும் அறிக்கைக்குள் வராது. பழைய வினாத்தாள் எங்கே இருக்கிறது, ஒரு கட்டுரையை எப்படித் தேடுவது என்று கேட்டுப் போகும் மாணவருக்காக எதுவும் ஸ்கேன் செய்யப்படுவதில்லை. தாள் முழுவதையும் ஒரேயடியாக நிறுத்தினால் இந்தக் கணக்கு யாரும் கவனிக்காமலே மறைந்துபோகும். ஆகவே அந்த ஒரு கட்டம் கையெழுத்திலேயே தொடர வேண்டும், அல்லது அதற்கென்று தனிப் படிவம் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபின் எழுதப்படும் மின்னஞ்சல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை முதல் தினசரி அறிக்கை காலையில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் வரும். இரண்டு வாரங்களுக்குத் தாளையும் வழக்கம்போல் நிரப்புங்கள். இரண்டிலும் உள்ள எண்களை உதவி நூலகர் தினமும் ஒப்பிடுவார். தொடர்ந்து ஆறு வேலை நாட்கள் வேறுபாடு இல்லாமலோ, காரணம் தெரிந்த வேறுபாட்டுடனோ அமைந்தால் வழங்கல், திரும்பப் பெறுதல், புதுப்பித்தல், வாசிப்பறை ஆகிய நான்கு கட்டங்களும் நிறுத்தப்படும். அதை இன்னொரு மின்னஞ்சலில் தெரிவிப்போம். அதுவரை யாரும் தாளை விட வேண்டாம். வாசகர் கேள்விகளுக்கான கட்டம் தொடரும். புதுப்பித்தலுக்கு இன்று முதல் வழங்கல் கட்டத்தில் கோடு போட வேண்டாம். எண்ணில் சந்தேகம் இருந்தால் தாளைத் திருத்தாமல் உதவி நூலகரிடம் சொல்லுங்கள்."

கடைசி வாக்கியம் காரணத்தோடுதான் இருக்கிறது. அறிக்கையைப் பார்த்துத் தாளைத் திருத்தத் தொடங்கினால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு இருக்காது.

பழைய தாள்களை உடனே கழித்துவிடவும் கூடாது. வழங்கல் கணக்கைப் பழைய தேதிகளுக்கும் கோஹாவிலிருந்து எடுக்கலாம். வாசிப்பறைக் கணக்கோ, அந்த அமைப்பை இயக்கிய நாளிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குத் தரமதிப்பீட்டுக் குழுவிடம் காட்டத் தாள்களும் பேரேடும் மட்டுமே சான்று.

தாள் நின்றபின் ஒருநாள் அறிக்கை வராமல் போனால் முதலில் விடுமுறையா என்று பார்க்க வேண்டும். எண்ணுவதற்கு வரியே இல்லாத நாளில் `runreport.pl` இயல்பாக மின்னஞ்சல் அனுப்பாது. `--send_empty` என்று சேர்த்தால் வெற்று அறிக்கையும் வரும். அப்படிச் சேர்த்த பிறகும் மின்னஞ்சல் வராவிட்டால் கோளாறு என்று பொருள். அப்போதும் கோட்டுத் தாளுக்குத் திரும்பத் தேவையில்லை. தேதியைக் கேட்டுப் பெறும் இன்னோர் அறிக்கையைச் சேமித்து வைத்திருந்தால், விடுபட்ட நாளின் கணக்கைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.