பாஸ்கலின் இரவு எதற்குச் சான்று?

1654 நவம்பர் 23. இரவு பத்தரை மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டி அரைமணி வரை, கடவுளின் முன்னிலையில் இருப்பதாக உணர்ந்தார் பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல். அதை எழுதி வைத்து, மேலங்கியின் உள்துணிக்குள் தைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. ஊரை ஏமாற்ற நினைப்பவர் இப்படி ஒளித்து வைக்கமாட்டார். ஆனால், உண்மையாக உணர்ந்தது உண்மைக்குச் சான்றாகுமா?

ஆகும் என்கிறார் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன். 1979இல் வந்த நூலில் அவர் வைத்த விதி இது: ஒன்று இருப்பதாக ஒருவருக்குத் தோன்றினால், சந்தேகிக்கத் தனிக் காரணம் கிடைக்கும்வரை அது இருப்பதாகவே கொள்ள வேண்டும். இந்த விதியைக் கைவிட்டால் எதிரே நிற்கும் மரத்தைக்கூட நம்ப வழியில்லை. ஒரு புலனைச் சோதிக்கவும் இன்னொரு புலனைத்தான் நம்பியாக வேண்டும்.

'எல்லாம் மூளையின் வேலை' என்பது பலரும் சொல்லும் மறுப்பு. எனக்கு இது பலவீனமாகவே படுகிறது. மரத்தைப் பார்க்கும்போதும் மூளைதான் வேலை செய்கிறது. அதனால் மரம் பொய்யாகிவிடாது.

மைக்கேல் மார்ட்டினின் மறுப்பு கூர்மையானது. கடவுள் இருப்பதாகத் தோன்றுவது சான்று என்றால், இல்லை என்று தோன்றுவதும் சான்றுதானே? இதற்கு ஸ்வின்பர்ன் தரப்பில் பதில் உண்டு. அறையில் நாற்காலி இல்லை என்று சொல்ல முடிவது, இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று நமக்குத் தெரிவதால்தான். கடவுள் எப்போது, யாருக்குத் தென்படுவார் என்பது நமக்குத் தெரியாது.

பதில் சரிதான்; ஆனால் அது வாதத்தையே திருப்பித் தாக்குகிறது. தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். பாஸ்கலின் அறையில் இன்னொருவர் இருந்து, எதையும் உணராமல் போயிருந்தால்? அது எதிர்ச்சான்றாகாது. தோற்றது என்று எந்த முடிவையும் சொல்ல முடியாதபோது, அங்கே சோதனையே நடக்கவில்லை.

சோதனை உண்டு, ஆனால் அது வேறு வகை என்றார் வில்லியம் ஆல்ஸ்டன். பார்வைக்குரிய சோதனையை இங்கே கேட்கக் கூடாது. அனுபவம் மரபின் போதனையோடு ஒத்துப்போகிறதா, ஒருவரை அன்பும் பணிவும் உள்ளவராக மாற்றியதா என்று ஒவ்வொரு மரபும் தானே சோதித்துக்கொள்கிறது. நல்ல பதில். ஆனால் 1896இல் மதுரையில் 16 வயது வேங்கடராமனுக்கு நேர்ந்ததை இதன் அருகே வையுங்கள். மரண பயம் பிடித்து, பிணம்போல் படுத்து, சாவது எது என்று அவர் விசாரித்தார். அவருக்குத் தெளிந்தது எதிரே நிற்கும் கடவுள் அல்ல, அழியாத 'நான்'. சில வாரங்களில் திருவண்ணாமலை போனவர், ரமணராக 1950இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். வாழ்க்கை மாறியதா என்று கேட்டால் இருவரும் தேறுகிறார்கள். ஆனால் பாஸ்கல் உணர்ந்தவர் அவரின் வேறானவர். ரமணர் கண்டதில் இரண்டாமவரே இல்லை.

இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அப்படி எடுத்தால் 'நாம் காண்பதைத் தாண்டி ஏதோ ஒன்று' என்பதுதான் மிஞ்சும். பாஸ்கல் எழுதி வைத்தது அந்த 'ஏதோ ஒன்றை' அல்ல. அந்த இரவை அவர் நம்பியது நியாயமாக இருக்கலாம். அங்கே இல்லாத நமக்கு அதன் எடை மிகக் குறைவு. ஸ்வின்பர்னும் அனுபவத்தைத் தனியே நிற்கவிடவில்லை. மற்ற வாதங்கள் கடவுளுக்கு ஓரளவு வாய்ப்பை ஏற்படுத்திய பிறகே அதைச் சேர்க்கிறார்.