ஓய்வு நாள் எது?

தீபகற்ப மலேசியத் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் மிகைநேர ஊதியத்தைச் சரிபார்க்கும்போது, முதலில் அடிப்படையைப் பாருங்கள். மாதச் சம்பளம் 2080 ரிங்கிட் என்றால், 26-ஆல் வகுக்க நாளுக்கு 80. எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 10. சிலர் 30-ஆல் வகுத்துவிடுவார்கள். அங்கேயே தொழிலாளியின் பணம் குறைந்துவிடும்.

வேலை நாளில் கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 15 ரிங்கிட். ஓய்வு நாளில் 10 மணி நேரம் உழைத்தால், முதல் எட்டு மணிக்கு ஒரு நாள் கூலி 80, மீதி இரண்டு மணிக்கு இரட்டிப்பாக 40, ஆக 120. பொது விடுமுறையில் அதே 10 மணிக்கு இரண்டு நாள் கூலி 160, மிகை இரண்டு மணிக்கு மும்மடங்காக 60, ஆக 220. மாதச் சம்பளத்துக்கு மேல் கிடைக்க வேண்டியவை இவை.

அதிகம் தவறுவது ஓய்வு நாளில்தான். ஞாயிறு என்றாலே ஓய்வு நாள் என்று பட்டியல் எடுத்துக்கொள்ளும். ஷிப்ட் தொழிலாளிக்கு அது புதன்கிழமையாக இருக்கலாம். ஐந்து நாள் வேலையில் சனிக்கிழமை வெறும் வேலையில்லா நாளாகவும் இருக்கலாம். அதற்கு ஒன்றரை மடங்குதான். ஆகவே நாட்காட்டியை நம்பாமல், அந்த மாத ஷிப்ட் அட்டவணையையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒப்பிடுங்கள்.